பள்ளியில் தொல்லையா? பிள்ளையைக் கேட்பதற்கு முன் சம்மதம் வேண்டும்!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படும் தொல்லை எல்லாம் வீட்டுக்குத் தெரிவது இல்லை. ஒரு பையன் தினமும் சாப்பாட்டுப் பெட்டியைப் பறிகொடுப்பான். ஒரு சிறுமியைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். பட்டப்பெயர்தான்! இன்னொரு பையனை எந்த விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். "ஏன் முகம் வாடி இருக்கிறது?" என்று அம்மா கேட்டால், "ஒன்றும் இல்லை" என்பதுதான் பதில்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வகுப்பில் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் பெயர் எழுதாமல் பதிலை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். எந்த வகுப்பில், எந்த இடத்தில், எவ்வகைத் தொல்லை அதிகம் என்பது அதிலிருந்து தெரியவரும்.

ஆனால் கேள்வித்தாளுக்கு முன்னால் வேறு இரண்டு தாள்கள் வர வேண்டும். ஒன்று வீட்டுக்குப் போகும். மற்றொன்று பிள்ளையின் கையில் இருக்கும். பலர் இந்த இரண்டையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அவற்றில் உள்ள சில வரிகள் தவறாக இருந்தால், உண்மை வெளியே வராது. சில சமயம் பிள்ளைக்கு ஆபத்தும் வரலாம்.

சம்மதமும் இசைவும்

நம் நாட்டில் 18 வயது நிறைந்தால்தான் ஒருவர் சட்டப்படி பெரியவர். அதற்குக் கீழே உள்ள பிள்ளையை ஓர் ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டுமானால், பெற்றோர் சம்மதம் தர வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பு உள்ளவர் சம்மதம் தர வேண்டும்.

அதோடு முடிந்துவிடவில்லை. பிள்ளையையும் கேட்க வேண்டும். பிள்ளை சொல்லும் சரி என்ற வார்த்தைக்கு "இசைவு" என்று பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு வயது வரம்பு சொல்லுகின்றன. 7 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளையிடம் வாய்மொழியாக இசைவு பெற வேண்டும். 12 வயதுக்கு மேல் 18 வயதுக்குள் இருந்தால், எழுத்தில் இசைவு பெற வேண்டும். அந்த எழுத்தும் பிள்ளையின் வயதுக்குப் புரியும் எழுத்தாக இருக்க வேண்டும்.

அப்பா "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பிள்ளை "வேண்டாம்" என்கிறது. அப்போது யார் சொல் நிற்கும்? பிள்ளையின் சொல்தான்! தொல்லையைப் பற்றிக் கேட்கும் கணக்கெடுப்பில் பிள்ளை மறுத்தால், அதை மதித்து விட்டுவிட வேண்டும். தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்துவிட்டார் என்பதும் போதாது. அது பள்ளிக்குள் நுழைவதற்கான அனுமதி. பிள்ளையின் மனத்துக்குள் நுழைவதற்கு அது அனுமதி ஆகாது.

நார்வேயில் கேட்ட கேள்வி

பள்ளித் தொல்லையைக் கேள்வித்தாள் மூலம் அளக்கும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் டான் ஓல்வியஸ். இவர் மனோதத்துவப் பேராசிரியர். 1982-ம் ஆண்டுக் கடைசியில் நார்வே நாட்டில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்கள் செய்த கொடுமையே காரணமாக இருக்கும் என்று நாடே கலங்கியது. அடுத்த ஆண்டு, 1983-ல், நாடு முழுவதும் பள்ளிகளில் ஓர் இயக்கம் தொடங்கியது. அதற்காக ஓல்வியஸ் தயாரித்த கேள்வித்தாளில் மாணவர்கள் பெயர் எழுத வேண்டியது இல்லை.

பிறகு உலக சுகாதார நிறுவனமும் பள்ளி மாணவர்களிடையே உடல்நலக் கணக்கெடுப்பு நடத்தத் தொடங்கியது. தொடக்கத்தில் 13 வயது முதல் 15 வயது வரை உள்ளவர்களே அதில் முக்கியமாக இருந்தார்கள். அதிலும் பெயர் எழுதுவது இல்லை. 2007-ம் ஆண்டு இந்தியாவில் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் அது நடந்தது. கடந்த 30 நாளில் எத்தனை நாள் பிறர் உன்னைக் கொடுமைப்படுத்தினார்கள் என்பது அந்தக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கொடுமை என்றால் என்ன? தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சொல் மிகப் பெரியது. அடித்து எலும்பை முறித்தால்தான் கொடுமை என்று நினைத்துவிடும். "ராகிங்" என்று எழுதினால், அது கல்லூரிச் சங்கதி என்று விட்டுவிடும். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொலையுண்டதும், 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் அந்தச் சொல்லைக் கல்லூரியோடு சேர்த்துவிட்டன. வெறும் "கேலி" என்று எழுதினாலோ, நண்பர்கள் விளையாட்டாகச் செய்யும் கேலியும் கணக்கில் வந்துவிடும்.

ஆகையால் ஒரு சொல்லை நம்பக் கூடாது. என்ன நடக்கும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். "ஒருவரை மற்றவர்கள் திரும்பத் திரும்ப அடிப்பது, மனம் நோகப் பட்டப்பெயர் சொல்வது, பொருளைப் பறிப்பது, வேண்டும் என்றே ஒதுக்கி வைப்பது" என்று எழுதினால் பிள்ளைக்குப் புரியும். சம பலம் உள்ள இருவர் ஒருநாள் சண்டை போட்டால், அது இந்தக் கணக்கில் சேராது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு வகுப்பு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள சாலையை எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். இப்போது கார், டயர், கண்ணாடி, செல்போன் எல்லாம் அங்கே உற்பத்தி ஆகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வேலை தேடி வெளி மாவட்டக்காரர்களும், ஒடிசா, பீகார், வங்காளம் முதலிய மாநிலக்காரர்களும் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கணக்கெடுப்பு எப்படி நடக்கும்? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். பள்ளியும் எண்களும் கற்பனைதான். ஆனால் இதில் வரும் சிக்கல்கள் உண்மையானவை.

எட்டாம் வகுப்பு. 38 பிள்ளைகள். அவர்களில் 35 பேர் தமிழ்ப் பிள்ளைகள். இரண்டு பையன்கள் பீகாரிலிருந்து வந்தவர்கள். ஒரு சிறுமி ஒடிசாவைச் சேர்ந்தவள். ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த தாளில் இப்படி எழுதியிருக்கிறது:

"இவ்வாய்வின் நோக்கத்தினை நான் முழுமையாக அறிந்துகொண்டு, என் சுய விருப்பத்தின்பேரில் பங்கேற்கிறேன். எனது பதில்கள் முற்றிலும் இரகசியமாக வைக்கப்படும் என்பதனையும், எக்காரணத்தைக் கொண்டும் எவரிடமும் தெரிவிக்கப்படமாட்டாது என்பதனையும் அறிவேன்."

பத்திரப் பதிவு அலுவலகத்துத் தமிழ்! 13 வயதுப் பிள்ளைக்கு இது புரியாது. அது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இந்தத் தாள் பொய் சொல்லுகிறது!

காப்பாற்ற முடியாத வாக்கு

"எக்காரணத்தைக் கொண்டும் எவரிடமும் சொல்ல மாட்டோம்" என்று வாக்குக் கொடுக்க யாராலும் முடியாது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

2012-ம் ஆண்டு வந்த போக்சோ சட்டம், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பாற்றும் சட்டம். அதன் 19-வது பிரிவு, இப்படிப்பட்ட குற்றம் நடந்திருப்பது தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருந்தால் 21-வது பிரிவின்படி தண்டனை உண்டு. ஆசிரியருக்கு ஒரு சட்டம், ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு சட்டம் என்று இல்லை.

ஒரு சிறுமி கேள்வித்தாளைக் கொடுக்கும்போது, வந்திருக்கும் அக்காவிடம் மெல்ல ஏதோ சொல்லிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அது போக்சோ சட்டத்தில் வரும் சங்கதி. அக்கா அதைத் தெரிவித்துத்தான் ஆக வேண்டும். சிறுமி என்ன நினைப்பாள்? "யாரிடமும் சொல்ல மாட்டோம் என்றார்களே, சொல்லிவிட்டார்களே!" என்று நினைப்பாள். அதன் பிறகு அவள் எந்தப் பெரியவரையும் நம்ப மாட்டாள்.

ஆகவே எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "நீ எழுதுவதை உன் ஆசிரியருக்கும் வீட்டுக்கும் காட்ட மாட்டோம். ஆனால் உனக்கோ வேறு பிள்ளைக்கோ ஆபத்து என்று எங்களுக்குத் தெரியவந்தால், காப்பாற்றக்கூடிய பெரியவர்களிடம் சொல்லுவோம்." இது உண்மையான வாக்கு. எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்.

பெயர் இல்லை, ஆள் தெரியும்!

"பெயர் எழுத வேண்டாம். அதனால் நீ யார் என்று யாருக்கும் தெரியாது." இதுவும் எல்லாத் தாள்களிலும் வரும் வரி. இது எப்போதும் உண்மையா?

அந்த எட்டாம் வகுப்புக் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. என்ன வகுப்பு? ஆணா, பெண்ணா? வீட்டில் பேசும் மொழி எது? ஒடிசாச் சிறுமி உண்மையாகவே பதில் எழுதுகிறாள். எட்டாம் வகுப்பு, பெண், ஒடியா. அந்த வகுப்பில் ஒடியா பேசும் பெண் அவள் ஒருத்திதான்! பெயர் எழுதாவிட்டால் என்ன? தாளைப் பார்த்த வகுப்பாசிரியர் அடுத்த நொடியே சொல்லிவிடுவார்.

ஆள் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், 2023 ஆகஸ்டு மாதம், பிளஸ் 2 மாணவர் ஒருவர் வீட்டில் இருந்தபோது அரிவாளால் வெட்டப்பட்டார். காப்பாற்ற வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சக மாணவர்கள் செய்த சாதித் தொல்லையைப் பற்றிப் பள்ளியில் சொன்னதைத் தொடர்ந்து நடந்த தாக்குதல் அது. அதன் பிறகு தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 2024 ஜூன் மாதம் அரசிடம் கொடுக்கப்பட்டது.

நாங்குநேரியில் நடந்தது கணக்கெடுப்பு அல்ல. ஆனாலும் யார் சொன்னது என்பது வெளியே தெரிந்தால், சொன்னவருக்கு எவ்வளவு பெரிய ஆபத்து வரலாம் என்பதற்கு அது சாட்சி. மொழியையும் சாதியையும் பற்றிக் கேட்கும் எந்தக் கேள்வித்தாளும் இதை மறக்கக் கூடாது.

இதற்கு என்ன செய்வது? கட்டாயம் தேவை இல்லாவிட்டால் மொழியைக் கேட்கவே வேண்டாம். தேவை என்றால், ஒரு வகுப்பின் கணக்கைத் தனியாக வெளியிடாமல், பல பள்ளிகளின் கணக்கைச் சேர்த்து வெளியிட வேண்டும். பிள்ளை பெயர் எழுதிக் கையெழுத்துப் போடும் இசைவுத் தாளும் கேள்வித்தாளும் ஒன்றாகப் பின் போட்டிருக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு பெட்டியில் விழ வேண்டும். பின் போட்டுவிட்டால், பெயர் இல்லாத தாளுக்கும் பெயர் வந்துவிடும்!

உதவி வரும் என்று காத்திருக்கும் பிள்ளை

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

ஒரு பையன் ஒரு வருஷமாக அடி வாங்குகிறான். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் வெளியூர்க்காரர்கள் வந்து, "உன்னை யாராவது அடிக்கிறார்களா?" என்று கேட்டுத் தாள் கொடுக்கிறார்கள். அவன் உள்ளதை எல்லாம் எழுதுகிறான். "அப்பாடா, இனி இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைக்கிறான். நாளை வருவார்கள் என்று காத்திருக்கிறான். அடுத்த வாரம் வருவார்கள் என்று காத்திருக்கிறான். யாரும் வருவது இல்லை. ஏன்? தாளில் அவன் பெயர் இல்லை. எழுதியது யார் என்று ஆராய்ச்சிக்காரருக்கே தெரியாது!

பெயர் இல்லாத கணக்கெடுப்பினால் பாதுகாப்பு உண்டு. ஆனால் தனி ஒரு பிள்ளைக்கு உதவி செய்ய அதனால் முடியாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. இதைப் பிள்ளையிடம் ஒளிக்கக் கூடாது. "இந்தத் தாளைப் பார்த்து உனக்கு உதவி செய்ய எங்களால் முடியாது. ஏனென்றால் இது யார் எழுதியது என்று எங்களுக்குத் தெரியாது. உனக்கு உதவி வேண்டுமானால் இவர்களிடம் சொல்" என்று தாளிலேயே இருக்க வேண்டும்.

யாரிடம் சொல்வது? அன்று பள்ளிக்கு வந்திருக்கும் ஒருவரின் பெயரைப் போடலாம். அவர் அந்தப் பள்ளி ஆசிரியராக இல்லாமல் இருப்பது நல்லது. குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இந்த இரண்டு எண்களையும் ஒரு சிறு சீட்டில் அச்சடித்து, வகுப்பில் உள்ள 38 பேருக்கும் கொடுக்க வேண்டும். கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தால், கேட்டவர் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் போகும் தாள்

திங்கட்கிழமை 38 பெற்றோருக்கும் தாள் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் 21 தாள்கள் கையெழுத்தோடு திரும்பி வருகின்றன. 17 வரவில்லை. அந்த 17 பெற்றோரும் வேண்டாம் என்று சொன்னார்களா? இல்லை. பல தாள்கள் இன்னும் புத்தகப் பைக்குள்ளேயே இருக்கின்றன!

கம்பெனியில் வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். அப்பா நைட் ஷிப்டு முடிந்து வரும்போது பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டுவிடும். பிள்ளை வீடு திரும்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அம்மாவும் வேலைக்குப் போகிறவராக இருந்தால், தாளை யார் பார்ப்பது?

சிலர் ஒரு குறுக்கு வழி சொல்லுவார்கள். "சம்மதம் இல்லை என்றால் மட்டும் எழுதி அனுப்புங்கள். ஒன்றும் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்" என்று எழுதிவிடுவார்கள். இதனால் கணக்கில் சேரும் பிள்ளைகள் கூடுவார்கள் என்பது உண்மை. ஆனால் தாளைப் பார்க்காத தகப்பனின் மௌனம் சம்மதம் ஆகுமா? ஆகாது. இந்த முறையை ஆராய்ச்சிக்காரர் தாமாகக் கையாளக் கூடாது. நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்டு. கணக்கெடுப்பு தொடங்கும் முன் எல்லாத் தாள்களையும் படித்துப் பார்த்து அனுமதி கொடுப்பது அதுதான்.

அதற்காக 21 பேரோடு நிறுத்திக்கொள்ளலாமா? அதிலும் தவறு இருக்கிறது. வீட்டில் கவனிக்க ஆள் இல்லாத பிள்ளை, மொழி தெரியாத பிள்ளை, இவர்களுடைய தாள்தான் திரும்பி வராது. பள்ளியில் அதிகம் தொல்லைப்படுகிறவர்களும் இவர்களாகவே இருக்கலாம். இவர்களை விட்டுவிட்டு, "எங்கள் பள்ளியில் தொல்லை குறைவு" என்று அறிக்கை எழுதினால், அது கணக்கு ஆகாது.

ஐந்து நாள் போதாது. ஷிப்டு மாறும்வரை இரண்டு வாரமாவது தவணை கொடுக்க வேண்டும். இரண்டாவது தாள் அனுப்ப வேண்டும். வார விடுமுறை நாளில் குடியிருப்புக்கே போய் விளக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழு கூடும் நாளில் ஒரு மேஜை போட்டு உட்காரலாம்.

ஒடிசாச் சிறுமியின் அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பெரும்பாலும் என்ன நடக்கும்? சிறுமியே தாளைப் படித்து, "பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் அம்மா, இங்கே கையெழுத்துப் போடு" என்பாள். இது சம்மதம் ஆகாது. தன்னைப் பற்றிய தாளுக்குப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர் ஆகக் கூடாது. தாள் ஒடியாவில் இருக்க வேண்டும். படிக்கவே தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது எழுதப் படிக்கத் தெரிந்த, ஆராய்ச்சியோடு சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். பிறகு பெற்றோர் கைரேகை வைக்கலாம். சாட்சி கையெழுத்துப் போடுவார்.

இப்படி எழுதலாம்

பெற்றோருக்குப் போகும் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உதாரணமாக இப்படி எழுதலாம்:

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். பள்ளியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் தொல்லையைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறோம். அடிப்பது, பட்டப்பெயர் சொல்வது, பொருளைப் பறிப்பது, ஒதுக்கி வைப்பது, செல்போனில் அவமானப்படுத்துவது ஆகியவை பற்றி 25 கேள்விகள் இருக்கும். அரை மணி நேரம் ஆகும். கேள்வித்தாளை நீங்கள் பார்க்க விரும்பினால், பள்ளி அலுவலகத்தில் பார்க்கலாம்.

உங்கள் பிள்ளை பெயர் எழுதாது. பிள்ளை எழுதிய பதிலை உங்களுக்கோ ஆசிரியருக்கோ காட்ட மாட்டோம். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று எங்களுக்குத் தெரியவந்தால், சட்டப்படி தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிப்போம். சில கேள்விகள் பிள்ளையின் மனத்தை வருத்தலாம். பிள்ளை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம்.

இதில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் மார்க்குக்கோ, இலவசப் பொருளுக்கோ, சான்றிதழுக்கோ எந்தக் குறையும் வராது. நீங்கள் சம்மதித்தாலும் பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். சம்மதம் என்றாலும், சம்மதம் இல்லை என்றாலும், கட்டத்தில் குறியிட்டு உறையை ஒட்டி அனுப்புங்கள்."

"பதிலை உங்களுக்குக் காட்ட மாட்டோம்" என்ற வரியைப் பார்த்துச் சில பெற்றோர் கோபப்படலாம். "என் பிள்ளை எழுதியதை நான் பார்க்கக் கூடாதா?" என்று கேட்கலாம். காட்டுவோம் என்று சொன்னால், பிள்ளை வீட்டுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் எழுதும். அதற்குக் கணக்கெடுப்பே வேண்டாமே! இதை நேரில் விளக்கினால் பெற்றோருக்குப் புரியும்.

பிள்ளையின் தாள் இன்னும் சிறியது:

"பள்ளியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் தொல்லையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறோம். இது பரீட்சை இல்லை. சரி, தப்பு என்று எதுவும் இல்லை. உன் பெயரை எழுதாதே. வேறு யார் பெயரையும் எழுதாதே.

நீ மற்றவர்களுக்குத் தொல்லை கொடுத்திருந்தால், அதையும் எழுதலாம். அதற்குத் தண்டனை இல்லை. பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம். நடுவில் நிறுத்திவிடலாம். ஒன்றுமே எழுதாமல் மடித்துப் போடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா, அம்மா சரி என்று சொல்லியிருந்தாலும், நீ வேண்டாம் என்று சொல்லலாம்.

நீ எழுதுவதை ஆசிரியருக்கும் வீட்டுக்கும் காட்ட மாட்டோம். யாருக்காவது ஆபத்து என்று எங்களுக்குத் தெரியவந்தால் மட்டும், காப்பாற்றக்கூடிய பெரியவர்களிடம் சொல்லுவோம். இந்தத் தாள் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் உனக்கு உதவி வேண்டுமானால், தாளில் எழுதினால் மட்டும் போதாது. எங்களிடம் நேரில் சொல். அல்லது 1098-க்குப் போன் செய்."

இதன் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். "நான் சேருகிறேன்." "நான் சேரவில்லை." இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

அச்சடிக்கும் முன் இதை ஐந்தாறு பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால், புரியாவிட்டாலும் "புரிந்தது" என்றே சொல்லுவார்கள். "உனக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்யலாம்? நீ எழுதியதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்க வேண்டும். பிள்ளை தன் வார்த்தையில் சரியாகச் சொன்னால் தாள் நன்றாக இருக்கிறது. தடுமாறினால் குறை தாளில் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை.

"வேண்டாம்" என்று சொல்ல இடம்

தாளில் நல்ல வார்த்தை எழுதிவிட்டு, வகுப்பில் வேறு மாதிரி நடந்தால் பயன் இல்லை. "விருப்பம் இல்லாதவர்கள் எழுந்து வெளியே போங்கள்" என்று ஆசிரியர் சொன்னால், எந்தப் பிள்ளை எழுந்திருக்கும்?

அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே மாதிரி உறை கொடுக்க வேண்டும். பெற்றோர் சம்மதித்த பிள்ளையின் உறையில் கேள்வித்தாள் இருக்கும். மற்றவர்கள் உறையில் அதே அளவுள்ள தாளில் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கும். உறை மேல் ஒட்டிய பெயர்ச் சீட்டைப் பிள்ளையே கிழித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். எல்லோரும் குனிந்து எழுதுவார்கள். எல்லோரும் மடித்து உறையில் போட்டு, ஒரே பெட்டியில் போடுவார்கள். யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்பது பக்கத்துப் பெஞ்சுக்குக்கூடத் தெரியாது. வகுப்பாசிரியர் அந்த அரை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு, சம்மதம் உண்மையாகப் பெறப்பட்டதா என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. பல பெற்றோர் கையெழுத்து ஒரே பேனாவில், ஒரே கையால் போட்டது போல் இருந்தால், அது வகுப்பிலேயே போட்ட கையெழுத்து. பல வகுப்புகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கேட்டும் ஒருவர்கூட "சேரவில்லை" என்று குறிக்காவிட்டால், வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை "இல்லை, இல்லை" என்று ஒரே நேர்கோட்டில் குறியிட்ட தாள்கள் நிறைய வந்தால், பிள்ளைகள் பயந்திருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம்.

அடுத்த முறை வீட்டுக்கு இப்படி ஒரு தாள் வந்தால், கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் அதில் மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்கலாம். பிள்ளை எழுதுவதை யார் யார் பார்ப்பார்கள்? பிள்ளை வேண்டாம் என்றால் என்ன ஆகும்? பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டால் யாரிடம் போக வேண்டும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் குறியிடலாம். ஒன்று இல்லாவிட்டாலும், தாளைத் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்கலாம். அதைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.